எட்டு வருடம் கார்பன் நியூட்ரலாக இருந்த நிறுவனம் அது போதாது என்று ஏன் சொன்னது?

2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டின் தலைவர் பிராட் ஸ்மித் ஒரு நீண்ட அறிவிப்பை எழுதினார். 2012 முதலே நாங்கள் கார்பன் நியூட்ரல், ஆனால் அது உலகத்துக்குப் போதாது, இனிமேல் வேறு கணக்குக்கு மாறுகிறோம் என்பதுதான் அதன் சாரம். பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தைத் தானே எடுத்து வைத்து, இதில் என்ன குறை என்று ஒரு நிறுவனம் விளக்குவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. அந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனால் கார்பன் நியூட்ரலுக்கும் நெட் ஜீரோவுக்கும் உள்ள வித்தியாசம் முழுசாகப் புரிந்துவிடும்.

தமிழில் கார்பன் நடுநிலை, நிகரச் சுழியம், நிகர பூஜ்ஜியம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். நிறுவனங்கள் சொல்கிற சொல்லையே நான் இங்கே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் விளம்பரத்திலும் ஆண்டறிக்கையிலும் நீங்கள் பார்க்கப்போவது அதைத்தான்.

இரண்டும் ஒன்றுதானே என்று பலர் நினைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. மொத்த பூமியை எடுத்துக்கொண்டால் இரண்டும் உண்மையிலேயே ஒன்றுதான். ஐபிசிசி என்ற பன்னாட்டு அறிவியல் குழுவின் கலைச்சொல் விளக்கமே அப்படித்தான் சொல்கிறது: உலக அளவில் கார்பன் நியூட்ரல் என்றாலும் நெட் ஜீரோ கார்பன் டை ஆக்சைடு என்றாலும் பொருள் ஒன்றே. மனிதர்கள் காற்றில் விடுகிற அளவும் காற்றிலிருந்து திரும்ப எடுக்கிற அளவும் சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாடு, ஒரு நிறுவனம், ஒரு பொருள் என்று கீழே இறங்கும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. ஏன் பிரிகின்றன? நிறுவனத்துக்கு "வெளியே" என்று ஓர் இடம் இருக்கிறது. பூமிக்கு அப்படி ஓர் இடம் இல்லை.

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

உலகத்தில் இரண்டே பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தொழிற்சாலை நடத்துகிறார், வருடத்துக்கு 100 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. இன்னொருவரிடம் ஒரு காடு இருக்கிறது, இந்த வருடம் அதை வெட்டி எரிக்கப் போகிறார், வெட்டினால் இன்னொரு 100 டன் காற்றில் சேரும். தொழிற்சாலைக்காரர் காட்டுக்காரரிடம் பணம் கொடுத்து வெட்டாதீர்கள் என்கிறார், அவரும் சம்மதிக்கிறார். தவிர்க்கப்பட்ட அந்த 100 டன்னுக்கு 100 கார்பன் கிரெடிட் கிடைக்கிறது. தொழிற்சாலைக்காரர் தன் 100 டன்னில் அந்த 100-ஐக் கழித்துவிட்டு, நான் இப்போது கார்பன் நியூட்ரல் என்கிறார். கணக்கு விதிப்படி அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் காற்றைக் கேட்டுப் பாருங்கள். அந்த வருடம் காற்றில் போய்ச் சேர்ந்தது 100 டன். 200 ஆகியிருக்க வேண்டியது 100-ஓடு நின்றது நல்ல விஷயம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பூஜ்ஜியம் ஆகவில்லை.

இதுதான் தவிர்ப்பு கிரெடிட். நடக்கவிருந்த ஒரு கெட்டதை நடக்காமல் தடுப்பதற்குக் கொடுக்கிற பணம். ஸ்மித்தின் அறிவிப்பிலும் இதே உதாரணம்தான் வருகிறது: மரத்தை வெட்டாமலிருக்க ஒருவருக்குப் பணம் கொடுப்பது நல்லதே, ஆனால் அது புதிதாக எந்த மரத்தையும் வளர்ப்பதில்லை, காற்றிலிருந்து எதையும் எடுப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் அதுவரை கார்பன் நியூட்ரலாக இருந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட கிரெடிட்டுகளால்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

அதற்கு எதிரில் நிற்பது அகற்றல். மரம் வளர்த்தோ, இயந்திரம் வைத்தோ, வேறு வழியிலோ காற்றில் ஏற்கனவே இருக்கிற கார்பனை வெளியே எடுத்து ஓரிடத்தில் அடைத்து வைப்பது. மேலே சொன்ன உலகத்தில் தொழிற்சாலைக்காரர் 100 டன்னை அகற்றிப் பூட்டியிருந்தால் அவர் பங்குக்குக் காற்றில் கூடியது நிஜமாகவே பூஜ்ஜியம். நெட் ஜீரோ கேட்பது இதை. அதுவும் கடைசியாகத்தான் கேட்கிறது, முதலில் 100-ஐக் குறை என்கிறது. எல்லா நிறுவனமும் ஒருநாள் நெட் ஜீரோ ஆக வேண்டும் என்று யோசித்தால் காரணம் தெரியும். எல்லோரும் தங்கள் உமிழ்வைக் குறைத்து முடித்த உலகத்தில் தவிர்ப்பதற்கு எவரிடமும் எதுவும் மிச்சம் இருக்காது, தவிர்ப்பு கிரெடிட் விற்க ஆளே இருக்க மாட்டார்கள்.

தவிர்ப்பு கிரெடிட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. காட்டுக்காரர் வெட்டியிருப்பார் என்று நமக்கு எப்படித் தெரியும்? நடக்காத ஒன்றை அளக்க முடியாது, அதனால் "இந்தத் திட்டம் இல்லாவிட்டால் இவ்வளவு காடு அழிந்திருக்கும்" என்று ஓர் அடிக்கோட்டை மதிப்பிட்டு எழுதுகிறார்கள். கோட்டை உயரமாகப் போட்டால் கிரெடிட் அதிகம் கிடைக்கும், விற்கிறவருக்கும் லாபம், மலிவாகக் கிடைப்பதால் வாங்குகிறவருக்கும் லாபம். 2023-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, ஆறு நாடுகளில் 26 காடு காப்புத் திட்டங்களை, அதே மாதிரி நிலையிலிருந்த, திட்டம் எதுவும் இல்லாத காடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பெரும்பாலான திட்டங்கள் காடழிப்பைச் சொல்லிக்கொள்ளும் அளவுக்குக் குறைக்கவில்லை, குறைத்த சிலவும் சொன்னதைவிட வெகு குறைவாகவே குறைத்திருந்தன. அப்படியானால் நம் இருவர் உலகத்தில் காடு எப்படியும் வெட்டப்படாமலே இருந்திருக்கும், கைமாறிய பணம் காற்றில் எதையும் மாற்றவில்லை.

சரி, இது பாதிக் கதை. எதை ஈடுசெய்தார்கள் என்று பார்த்தோம், எதையெல்லாம் கணக்கில் எடுத்தார்கள் என்பது மீதிப் பாதி.

நிறுவனங்கள் தங்கள் உமிழ்வை மூன்று ஸ்கோப்பாகப் பிரித்து எழுதுகின்றன. கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டகால் என்ற கணக்கு முறையிலிருந்து வந்த பிரிவு இது. தன் கொதிகலனிலும் தன் வண்டியிலும் எரிகிற எரிபொருள் ஸ்கோப் 1. விலைக்கு வாங்குகிற மின்சாரத்தை உற்பத்தி செய்யும்போது வெளியாவது ஸ்கோப் 2. மற்ற எல்லாமே ஸ்கோப் 3: வாங்குகிற மூலப்பொருளைத் தயாரித்தவர் விட்ட புகை, லாரியும் கப்பலும் விட்டது, ஊழியர் பறந்த விமானம், விற்ற பொருளை வாடிக்கையாளர் பயன்படுத்தும்போது ஆகிற மின்சாரம், கடைசியில் அது குப்பைக்குப் போகும்போது வருவது வரை மொத்தம் 15 வகைகள்.

மைக்ரோசாஃப்ட் 2020-இல் தன் எண்களை வெளிப்படையாகவே வைத்தது. அந்த வருடம் எதிர்பார்த்த மொத்தம் 1 கோடியே 60 லட்சம் டன். அதில் ஸ்கோப் 1 வெறும் 1 லட்சம், ஸ்கோப் 2 சுமார் 40 லட்சம், மீதி 1 கோடியே 20 லட்சமும் ஸ்கோப் 3. 2012-இலிருந்து சொல்லிவந்த கார்பன் நியூட்ரல் எதைப் பற்றியது தெரியுமா? டேட்டா சென்டர், ஆய்வகம், அலுவலகம், ஊழியர்களின் விமானப் பயணம். அதாவது நேரடிச் செயல்பாடுகள். கிட்டத்தட்ட முக்கால் பங்கு அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றிருந்தது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை, அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் கணக்கிட்டார்கள், விதியும் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் செய்தியில் படித்தவர் காதில் விழுந்தது "மைக்ரோசாஃப்ட் கார்பன் நியூட்ரல்" என்ற மூன்று சொல் மட்டும்தான்.

இப்போது ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, கணக்கு போடுகிற விதம் நிஜம்.

ஆடை விற்கிற ஒரு நிறுவனம். சொந்தமாக நூற்பாலையோ சாயப்பட்டறையோ கிடையாது, எல்லாம் வெளியே கொடுத்துச் செய்வது. கடைகளும் கிடங்குகளும் அலுவலகமும்தான் சொந்தம். ஸ்கோப் 1 2,000 டன், ஸ்கோப் 2 8,000 டன், ஸ்கோப் 3 90,000 டன், மொத்தம் 1 லட்சம் டன். பஞ்சு விளைவது, நூல் நூற்பது, துணிக்குச் சாயம் ஏற்றத் தண்ணீரைக் கொதிக்க வைப்பது, தைப்பது, அனுப்புவது எல்லாம் அந்த 90,000-க்குள் இருக்கிறது.

இந்த நிறுவனம் "எங்கள் செயல்பாடுகள் கார்பன் நியூட்ரல்" என்று அறிவிக்க விரும்புகிறது. செயல்பாடுகள் என்ற சொல் விழுந்த உடனே 90,000 கணக்கிலிருந்து வெளியே போய்விடுகிறது. மீதி 10,000. அதில் 8,000 மின்சாரம். அதற்குப் புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ் வாங்கலாம்: எங்கோ ஒரு காற்றாலையோ சூரிய மின் நிலையமோ உற்பத்தி செய்த ஒவ்வொரு மெகாவாட் மணிக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அது மின்சாரத்திலிருந்து தனியாகவும் விற்கப்படுகிறது. கடைக்கு வருவது பழைய கம்பியில் பழைய மின்சாரம்தான், நிலக்கரியும் அதில் கலந்திருக்கும், ஆனால் சான்றிதழை வாங்கியதால் சந்தை அடிப்படையிலான கணக்கில் ஸ்கோப் 2 பூஜ்ஜியம் என்று எழுதலாம். இதற்காகத்தான் 2015-லிருந்து ஸ்கோப் 2-ஐ இரண்டு எண்ணாகக் கொடுக்கச் சொல்கிறார்கள், ஒன்று சந்தை அடிப்படை, இன்னொன்று இட அடிப்படை, அதாவது அந்தப் பகுதியின் மின்கட்டமைப்பில் உண்மையில் என்ன எரிகிறதோ அது. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் குறைந்தது சான்றிதழிலா நிஜத்திலா என்று கேட்க வேண்டும். மின்நிலையம் கட்டுகிறவரோடு பத்துப் பதினைந்து வருட ஒப்பந்தம் போட்டுப் புது மின்சாரம் வரவைப்பது ஒன்று, ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய அணையின் சான்றிதழை வருடக் கடைசியில் மொத்தமாக வாங்குவது வேறொன்று.

மிச்சம் 2,000 டன். டன்னுக்கு 5 டாலர் என்று 2,000 தவிர்ப்பு கிரெடிட் வாங்கினால் செலவு 10,000 டாலர். முடிந்தது. நிறுவனம் கார்பன் நியூட்ரல், முத்திரையும் போடலாம். முந்தைய வருடம் இந்த நிறுவனத்தின் பெயரில் காற்றில் சேர்ந்தது 1 லட்சம் டன். இந்த வருடம் சேர்ந்ததும் 1 லட்சம் டன்.

அதே நிறுவனம் நெட் ஜீரோ என்று சொல்ல விரும்பினால் என்ன ஆகும்? சொல் மட்டும் வேண்டுமென்றால் ஒன்றும் ஆகாது, யாரும் சொல்லிக்கொள்ளலாம், அதைப் பிறகு பேசுகிறேன். இப்போதைக்கு இதற்கென்று பரவலாக மதிக்கப்படுகிற அளவுகோலை எடுத்துக்கொள்வோம். அறிவியல் அடிப்படையிலான இலக்குகளைச் சரிபார்க்கிற எஸ்பிடிஐ என்ற அமைப்பு 2021 அக்டோபரில் நிறுவனங்களுக்கான நெட் ஜீரோ தரத்தை வெளியிட்டது. அதன்படி முதலில் ஓர் அடிப்படை ஆண்டு வேண்டும், ஸ்கோப் 3-ஐயும் சேர்த்து. அடுத்து 5 முதல் 10 வருடத்துக்குள் முடிக்க வேண்டிய ஒரு கிட்டத்து இலக்கு. ஸ்கோப் 1-க்கும் 2-க்கும் பொதுவான கணக்கு, அடிப்படை ஆண்டின் அளவில் வருடத்துக்கு 4.2 சதவீதம் குறைப்பது, பத்து வருடத்தில் 42 சதவீதம். நம் நிறுவனத்துக்கு 10,000 டன் 5,800 ஆக வேண்டும். ஸ்கோப் 3-க்கும் தனி இலக்கு உண்டு. பிறகு 2050-க்குள் பெரும்பாலான துறைகளில் மொத்த உமிழ்வையே சுமார் 90 சதவீதம் குறைக்க வேண்டும். 1 லட்சம் டன் 10,000 ஆக வேண்டும்.

இதில் கிரெடிட்டுக்கு இடமே இல்லை, கவனியுங்கள். எத்தனை லட்சம் கிரெடிட் வாங்கினாலும் அந்த 90 சதவீதத்தில் ஒரு டன்கூடக் கழியாது. சாயப்பட்டறையின் நிலக்கரிக் கொதிகலன் போய் வேறொன்று வரத்தான் வேண்டும். பட்டறை இந்த நிறுவனத்துக்குச் சொந்தம் இல்லை, அதே பட்டறை இன்னும் பத்துப் பேருக்குச் சாயம் போடுகிறது, புதுக் கொதிகலனுக்கு யார் பணம் போடுவது என்று உட்கார்ந்து பேச வேண்டும், நீண்ட கால ஆர்டர் உறுதி தர வேண்டும், சில சமயம் வாங்குகிற விலையையே உயர்த்த வேண்டும். என்னைக் கேட்டால் நெட் ஜீரோவின் மொத்த வேலையும் இந்த மேசையில்தான் நடக்கிறது. இது நடக்காத நிறுவனத்தில் மற்றதெல்லாம் காகித வேலை.

கடைசியில் எவ்வளவு முயன்றும் போகாத அந்த 10,000 டன் இருக்கிறதே, எஞ்சிய உமிழ்வு என்பார்கள், அதற்கு மட்டும் அகற்றல் உண்டு, அதுவும் நிரந்தரமாகச் சேமிக்கிற அகற்றல். காற்றிலிருந்து நேரடியாக உறிஞ்சிப் பாறைக்குள் செலுத்துவது இப்போது டன்னுக்குப் பல நூறு டாலர் ஆகிறது. 500 டாலர் என்று வைத்தால் 10,000 டன்னுக்கு 50 லட்சம் டாலர், அதுவும் வருடா வருடம். முன்னே பார்த்த 10,000 டாலரை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருங்காலத்தில் இந்த விலை இறங்கலாம், ஆனால் பணம் இருந்தாலும் வாங்கப் போதிய சரக்கு இன்றைக்கு இல்லை. ஐஸ்லாந்தில் கிளைம்வொர்க்ஸ் 2024-இல் திறந்த மாமத் ஆலை, அந்த நேரத்தில் உலகத்திலேயே பெரியது, முழுத் திறனில் ஓடினால் வருடத்துக்கு 36,000 டன் எடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட்டின் 2020 வருட எண்ணோடு ஒப்பிட்டால் அப்படி 400-க்கும் மேற்பட்ட ஆலைகள் வேண்டும். குறைப்பது முதலில், அகற்றுவது கடைசியில் என்ற வரிசையை இந்த எண்களே போட்டுக் கொடுக்கின்றன.

மரம் நட்டால் அகற்றல் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும், மரம் உண்மையிலேயே கார்பனை எடுக்கிறது. அது எவ்வளவு காலம் உள்ளே இருக்கும் என்பதுதான் பிரச்சினை. நிலக்கரி எரித்து வெளியான கார்பன் டை ஆக்சைடின் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான வருடம் காற்றில் தங்குகிறது, மரம் நாளைக்கே எரியலாம். 2021 கோடையில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பூட்லெக் தீ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ பரவியபோது, கிரெடிட் விற்றிருந்த காடுகளில் ஒரு பகுதியும் எரிந்தது. அந்தத் திட்டத்தில் கிரெடிட் வாங்கியவர்களில் மைக்ரோசாஃப்ட்டும் ஒன்று. இப்படி எரிந்தால் ஈடுகட்ட என்று இந்த மாதிரிக் காட்டுத் திட்டங்கள் கொஞ்சம் கிரெடிட்டைப் பொதுவில் ஒதுக்கி வைக்கின்றன, காப்பீடு மாதிரி. தீ அடிக்கடி வந்தால் அந்த ஒதுக்கீடு தாங்குமா என்பதுதான் இத்துறையில் இருப்பவர்களின் கவலை.

ஆப்பிள் விஷயத்தில் இது நீதிமன்றம் வரை போனது. 2023-இல் சில ஆப்பிள் வாட்ச் மாடல்களை கார்பன் நியூட்ரல் என்று அறிமுகம் செய்தார்கள். நியாயமாகச் சொன்னால், அது வெறும் கிரெடிட் வேலை அல்ல. முக்கால் பங்குக்கு மேல் உண்மையான குறைப்பு என்று நிறுவனம் கணக்கு காட்டியது, மிச்சத்துக்குத்தான் கிரெடிட். அந்தக் கிரெடிட் வந்த இடங்களில் ஒன்று பராகுவேயில் ஒரு யூகலிப்டஸ் தோட்டம். 2025 ஆகஸ்டில் பிராங்க்ஃபர்ட் நீதிமன்றம், அந்தத் தோட்ட நிலத்தில் 75 சதவீதத்துக்கான குத்தகை 2029-இல் முடிகிறது, அதற்குப் பிறகு மரம் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை, ஆகவே அந்தக் கடிகாரத்தைக் கார்பன் நியூட்ரல் பொருள் என்று விளம்பரம் செய்யக்கூடாது என்றது. வாங்குகிறவர் அந்தச் சொல்லைப் படித்துப் பல பத்து வருடத்துக்கு உறுதி இருக்கிறது என்று நினைப்பார், கையில் இருப்பது சில வருடக் குத்தகை.

அதற்கு ஒரு வருடம் முன்பே, 2024 ஜூனில், ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் மிட்டாய் தயாரிக்கிற காட்ஜெஸ் நிறுவனத்தின் விளம்பரம் பற்றித் தீர்ப்பு சொல்லியிருந்தது. "காலநிலை நடுநிலை" என்று போட்டால் அது குறைத்ததால் வந்ததா, ஈடுசெய்ததால் வந்ததா என்பதை அதே விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும், வேறொரு பக்கத்துக்குப் போய்ப் படித்துக்கொள் என்று விடக்கூடாது. அடுத்து ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த விதி இன்னும் நேரடியானது: ஈடுசெய்தலை அடிப்படையாக வைத்து ஒரு பொருளுக்குக் காலநிலையில் தாக்கமே இல்லை, அல்லது குறைவு என்று சொல்லி விற்பதற்குத் தடை. 2026 செப்டம்பர் 27 முதல் உறுப்பு நாடுகள் அதை நடைமுறைப்படுத்த வேண்டும். இந்தத் தடை குறிவைப்பது பொருளின் மேல் போடுகிற சொல்லைத்தான், கிரெடிட் வாங்குவதை அல்ல.

இதனால் கார்பன் நியூட்ரல் என்ற சொல்லே ஏமாற்று என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2023 நவம்பரில் வந்த ஐஎஸ்ஓ 14068-1 தரம், கார்பன் நியூட்ரல் என்று சொல்வதற்கே முதலில் குறைப்புத் திட்டம் வேண்டும், ஈடுசெய்தல் அதற்குப் பிறகுதான் என்று வரிசை போட்டிருக்கிறது. அதை நேர்மையாகப் பின்பற்றுகிற நிறுவனத்தின் கார்பன் நியூட்ரல், தேதி மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற நிறுவனத்தின் நெட் ஜீரோவைவிட எவ்வளவோ மேல்.

தேதி மட்டும் போடுவது என்றேனே, அதுதான் நெட் ஜீரோ சொல்லின் பெரிய ஓட்டை. கார்பன் நியூட்ரல் இன்றைக்கு இருக்கிற நிலையைச் சொல்கிறது, இந்த வருடக் கணக்கை இந்த வருடமே கேட்கலாம். நெட் ஜீரோ பெரும்பாலும் 2040, 2050 என்று ஒரு தூரத்துத் தேதியைச் சொல்கிறது, அந்தத் தேதி வரும்போது இன்றைய நிர்வாகிகள் யாரும் பதவியில் இருக்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், போகிற பாதை. நம் ஆடை நிறுவனத்தைப் போலவே 2025-இல் 1 லட்சம் டன்னில் நிற்கிற இரண்டு நிறுவனங்கள், இரண்டும் 2050-இல் 10,000 டன்னுக்கு வந்து மீதியை அகற்றப் போகின்றன, இரண்டும் "நெட் ஜீரோ 2050". ஒன்று வருடா வருடம் ஒரே அளவாகக் குறைக்கிறது, 25 வருடத்தில் மொத்தம் சுமார் 13 லட்சத்து 75 ஆயிரம் டன் வெளியேறும். இன்னொன்று 2045 வரை ஒன்றுமே செய்யாமல் கடைசி ஐந்து வருடத்தில் மளமளவென்று குறைக்கிறது, மொத்தம் சுமார் 22 லட்சத்து 75 ஆயிரம் டன். 9 லட்சம் டன் வித்தியாசம், ஒன்பது வருட உமிழ்வு. பூமி சூடாவது மொத்தமாகச் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடைப் பொறுத்தது என்பதால் கடைசி வருடத்து எண் ஒன்றாக இருப்பது இருவரையும் ஒன்றாக்கிவிடாது. கிட்டத்து இலக்கு இல்லாத நெட் ஜீரோ வாக்குறுதியை நான் வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இலக்கு ஒழுங்காக இருந்தாலும் அது தானாக நிறைவேறிவிடாது என்பதற்கும் மைக்ரோசாஃப்ட்டையே பார்க்கலாம். 2020-இல் அவர்கள் போட்ட இலக்கு நெட் ஜீரோவையும் தாண்டியது, 2030-க்குள் வெளியிடுவதைவிட அதிகமாக அகற்றுவோம், ஸ்கோப் 3-ஐப் பாதிக்கு மேல் குறைப்போம் என்றார்கள். 2024-இல் வெளியான அறிக்கையில் என்ன இருந்தது? 2020-ஐவிட மொத்த உமிழ்வு 29.1 சதவீதம் கூடியிருந்தது. ஸ்கோப் 1-ம் 2-ம் 6.3 சதவீதம் குறைந்தன, ஸ்கோப் 3 30.9 சதவீதம் ஏறியது. புதுப் புது டேட்டா சென்டர் கட்டத் தேவைப்படுகிற கான்கிரீட்டும் எஃகும் சிப்புகளும்தான் காரணம் என்று அறிக்கையே சொல்கிறது. பழைய கார்பன் நியூட்ரல் கணக்காக மட்டும் இருந்திருந்தால் இந்த ஏற்றம் பெரும்பாலும் அந்தச் சொல்லுக்கு வெளியேதான் நடந்திருக்கும். கணக்கின் எல்லையை விரித்துவைத்ததால்தான் தோல்வி தோல்வியாகத் தெரிகிறது, அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

எல்லையைச் சுருக்கச் சொல்லி அழுத்தம் எப்போதும் இருக்கும். 2024 ஏப்ரலில் எஸ்பிடிஐ-யின் அறங்காவலர் குழு, ஸ்கோப் 3-க்குச் சான்றிதழ்களையும் கிரெடிட்டையும் பயன்படுத்த வழிவிடப் போவதாக ஓர் அறிக்கை விட்டது. அங்கே வேலை பார்க்கிறவர்களே எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அலுவலகச் சண்டை. ஆனால் நம் ஆடை நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள், 90,000 டன் ஸ்கோப் 3-ஐ கிரெடிட்டால் கழிக்கலாம் என்று ஆனால் சாயப்பட்டறைக் கொதிகலனை யார் மாற்றுவார்கள்? இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கிற ஒரே சுவர் அதுதான்.

ஒரு நிறுவனத்தின் வாக்குறுதி கையில் கிடைத்தால் நான் செய்வது இது. முகப்புப் பக்கத்தை விட்டுவிட்டு அறிக்கையின் பின்பக்கத்தில் இருக்கிற உமிழ்வு அட்டவணைக்குப் போவேன். கிரெடிட்டைக் கழிக்காத மொத்த எண் தனியாக இருக்கிறதா என்று தேடுவேன், ஏனென்றால் கணக்கு முறைப்படி கிரெடிட்டைத் தனியாகத்தான் காட்ட வேண்டும், உமிழ்வோடு கூட்டிக் கழித்து ஒரே எண்ணாகக் கொடுத்திருந்தால் அங்கேயே சந்தேகம் வந்துவிடும். அடுத்து ஸ்கோப் 3-இல் 15 வகையில் எதையெல்லாம் எண்ணியிருக்கிறார்கள். விமானப் பயணமும் குப்பையும் மட்டும் இருந்து "வாங்கிய பொருட்கள்" இல்லையென்றால் பெரியதை விட்டுவிட்டுச் சில்லறையை எண்ணியிருக்கிறார்கள். ஐந்து வருட எண்ணை வரிசையாக வைத்து, குறைந்ததா, குறைந்திருந்தால் டன்னில் குறைந்ததா அல்லது விற்பனையில் ஒவ்வொரு ரூபாய்க்கும் இவ்வளவு என்று மட்டும் குறைந்ததா என்று பார்ப்பேன். விற்பனை இரண்டு மடங்கானால் ரூபாய்க்கு 40 சதவீதம் குறைத்த நிறுவனமும் மொத்தத்தில் 20 சதவீதம் அதிகமாகத்தான் வெளியிடும். கடைசியாகக் கிரெடிட் பட்டியல்: எந்தத் திட்டம், தவிர்ப்பா அகற்றலா, எந்த வருடத்துச் சரக்கு, வெர்ரா அல்லது கோல்டு ஸ்டாண்டர்டு போன்ற பதிவேட்டில் இவர்கள் பெயரில் ரத்து செய்யப்பட்டதா. ரத்து செய்யாத கிரெடிட்டை இன்னொருவருக்கு விற்றுவிடலாம். பதிவேடுகள் பொதுவில் இருக்கின்றன, வரிசை எண் இருந்தால் பத்து நிமிட வேலை.

நம் ஆடை நிறுவனம் அந்த 10,000 டாலரைக் காட்டுக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா என்றால், வேண்டாம், நல்ல திட்டமாகப் பார்த்துத் தாராளமாகக் கொடுக்கட்டும். தன் உமிழ்விலிருந்து கழிக்காமல் கொடுத்ததைக் கொடுத்ததாகச் சொன்னால் போதும், துறையில் இதைப் பங்களிப்பு என்றே சொல்கிறார்கள். அப்படி எழுதினால் ஆடையின் அட்டையில் இருக்க வேண்டிய வரி இது: "கடந்த ஆண்டு 1 லட்சம் டன் வெளியிட்டோம், அதில் 90,000 எங்களுக்குத் துணியும் சாயமும் தருகிறவர்களுடையது. பத்து ஆண்டில் எங்கள் கடைகளின் உமிழ்வை 42 சதவீதம் குறைக்கிறோம், இரண்டு சாயப்பட்டறைகளில் நிலக்கரிக் கொதிகலனை மாற்றப் பணம் கொடுத்திருக்கிறோம். இது தவிர ஒரு காட்டைக் காக்க 10,000 டாலர் கொடுத்தோம், அதை எங்கள் கணக்கில் கழிக்கவில்லை."